பதிவுக் கட்டணம் எந்த வேலைக்கான கூலி?

வீட்டு வேலைக்கும் முதியோரைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றை நடத்துகிறவர் சென்ற இதழில் தம் தொழிலுக்காக வாதாடியிருந்தார். பதிவுக் கட்டணம் என்பது ஆள் தேடும் உழைப்புக்கான கூலி, ஆள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உழைத்தது உழைத்ததுதான், ஆகவே அதைத் திருப்பித் தரச் சொல்வது நியாயமில்லை என்கிறார். இந்தோனேசியா கதவை மூடினால் தாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார். அனுப்பிய ஆள் ஓடிப்போனால் அது அந்தப் பெண்ணின் குணம், மருத்துவப் பரிசோதனை முடிந்துதானே வருகிறாள் என்கிறார். கடைசியாக, தம்மிடம் பணம் கட்டியவர்களில் போலீசுக்கோ நடுவர் மன்றத்துக்கோ போனவர்கள் மிகச் சிலர் என்பதைத் தம் நேர்மைக்குச் சாட்சியாக வைக்கிறார்.

இந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. தங்கா பத்து வட்டாரத்தில் ஏமாந்த குடும்பங்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அந்த மௌனத்தை ஒருவர் நற்சான்றிதழாக எடுத்து நெஞ்சில் குத்திக்கொள்வதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் கூலி என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். உழைத்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், சரி. ஆனால் எந்த உழைப்பு? என் அத்தை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அத்தை தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு பிள்ளைகள் வாங்கிய தாமான் வீட்டுக்கு வந்துவிட்டார். பக்கவாதம் தாக்கி இடப்பக்கம் விழுந்தது. விழுங்க முடியாததால் மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், வாரக் கடைசியில்தான் வருவார். மருமகள் பத்து பிரண்டாம் பக்கம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பகலில் ஆள் வேண்டும், இரவு ஷிஃப்ட் வந்தால் இரவிலும் வேண்டும். போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். பதிவுக் கட்டணம் 800 வெள்ளி, பிறகு டெபாசிட் 3,200 வெள்ளி. மூன்று வாரத்தில் ஆள் வந்துவிடும் என்றார்கள்.

பணம் வாங்கிய அன்றைக்கு ஏஜெண்டு கேட்டவை மூன்றே கேள்விகள்: பெயர், முகவரி, எத்தனை பேர் வீட்டில். அத்தையின் எடை என்ன, எழுந்து உட்கார முடியுமா, மூக்குக் குழாய் இருக்கிறதா, படுக்கைப் புண் உண்டா, இரவில் எத்தனை முறை எழ வேண்டும், பாஷை என்ன, சீனி எவ்வளவு, மருந்து யார் கொடுப்பது என்று ஒன்றையும் கேட்கவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகும் குதிகாலும் புண்ணாகும். மூக்குக் குழாயில் பால் ஊற்றும்முன் தலைப்பக்கத்தை உயர்த்தி, குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்காவிட்டால் பால் நுரையீரலுக்குப் போய் உயிரே போகலாம். இந்த வேலைக்கு ஆள் தேடுகிறேன் என்று சொல்கிறவர் இதைக் கேட்காமல் யாரைத் தேடுவார்? தேடும் உழைப்பு என்று கட்டுரையாளர் சொல்வது நோயாளியைப் பற்றிய கேள்விகளில் தொடங்க வேண்டும். அந்தக் கேள்விகளே இல்லாத இடத்தில் தேடலும் இல்லை. அங்கே நடந்த ஒரே வேலை பணம் வாங்கியதுதான்.

பதிவுக் கட்டணத்தின் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆளைக் கொண்டுவந்தால் ஏஜென்சிக்குச் செலவு இருக்கிறது: பயணம், மருத்துவம், அனுமதிக் கட்டணம், அந்த நாட்டு ஏஜெண்டுக்குப் பங்கு. ஆளைக் கொண்டுவராவிட்டால் ஒரு செலவும் இல்லை, 800 வெள்ளி முழுதும் லாபம். திருப்பித் தராத கட்டணம் என்று எழுதி வைத்த நிமிடத்திலிருந்து, ஆள் அனுப்பாமல் இருப்பதுதான் அந்தத் தொழிலில் அதிக லாபம் தரும் வழியாகிவிடுகிறது. நேர்மையான ஏஜென்சிகள் இருக்கின்றன, அவற்றை நான் அறிவேன். அவை இந்தக் கட்டணத்தை ஆளுடைய தாளைக் காட்டிய பிறகு வாங்குகின்றன, அல்லது முழுத் தொகையில் கழித்துக்கொள்கின்றன. கட்டுரையாளர் வக்காலத்து வாங்கியது அவர்களுக்காக அல்ல.

நம் நாட்டுச் சட்டம் இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆவது பிரிவை அவர் படித்திருக்க வேண்டும். பொருளையோ சேவையையோ கொடுக்கும் எண்ணமில்லாமல் பணம் கேட்பதும் வாங்குவதும் தவறு என்று அது சொல்கிறது. பேசியதிலிருந்து வேறுபட்ட ஒன்றைக் கொடுக்கும் எண்ணத்தோடு வாங்குவதும் தவறு. மூன்றாவதுதான் இந்தத் தொழிலுக்கு நேராகப் பொருந்துவது: சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் நியாயமான காலத்துக்குள், கொடுக்க முடியும் என்று நம்புவதற்குத் தக்க காரணம் கையில் இல்லாமல் பணம் வாங்குவதும் தவறு. பணம் வாங்கிய நாளில் ஏஜெண்டின் கையில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. பிறகு எவ்வளவு அலைந்தார் என்பது இல்லை. ஆள் பட்டியல் இருந்ததா, அந்த ஆள் வரச் சம்மதித்தாரா, அனுமதிக்கு மனு போட்டாயிற்றா? இவற்றில் ஒன்றும் இல்லாமல் மூன்று வாரத்தில் ஆள் வரும் என்று சொல்லி 800 வெள்ளி வாங்கினால், பின்னால் அவர் எத்தனை போன் செய்தார் என்பதை வைத்து அந்தப் பணம் கூலியாக மாறிவிடாது.

இந்தோனேசியாவைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பதற்கும் இதுவே பதில். 2009 ஜூனில் இந்தோனேசியா மலேசியாவுக்குப் பணிப்பெண்களை அனுப்புவதை நிறுத்தியது. தங்கள் பெண்கள் இங்கே அடிபட்டதும் சம்பளம் இல்லாமல் கிடந்ததும்தான் காரணம். 2011 மே மாதத்தில் பாண்டுங்கில் புது உடன்பாடு கையெழுத்தாகி, அந்த ஆண்டு டிசம்பரில்தான் கதவு திறந்தது. மறுபடி 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி இரு நாடுகளும் ஒரே வழியாக மட்டும் ஆள் எடுப்பது என்றும் குறைந்தது 1,500 வெள்ளி சம்பளம் என்றும் ஒப்பந்தம் போட்டன. அதை மீறி நம் குடிநுழைவு இலாகாவின் ஆன்லைன் முறை வழியாகவும் ஆள் எடுக்கிறார்கள் என்று ஜூலையில் இந்தோனேசியா நிறுத்தியது, ஆகஸ்டு 1-இல் திறந்தது. இவை எல்லாமே பத்திரிகையில் வந்த செய்திகள். நாம் படிக்காவிட்டாலும் இதே தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமல் போக வழியே இல்லை. கதவு மூடுவதற்கு முன்னால் வாங்கிய பணத்துக்கு அவர் சொல்லும் சமாதானத்தில் பாதியாவது ஒப்புக்கொள்ளலாம்: தாமதம் அவர் கையில் இல்லை, பணத்தை வைத்திருப்பது மட்டும் அவர் கையில் இருந்தது. ஆனால் கதவு மூடிய பிறகும் இந்தோனேசியாவிலிருந்து ஆள் தருகிறோம் என்று பதிவு எழுதியவர்களுக்கு என்ன சமாதானம்? ஆள் வர முடியாது என்று தெரிந்த நாளில் ஆளுக்காகப் பணம் வாங்கினார்கள். 16-ஆவது பிரிவு யாருக்காக எழுதப்பட்டது என்று இனி விளக்க வேண்டியதில்லை.

அத்தை கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் ஆள் வராமல் இருப்பது மட்டும் இல்லை, ஆள் வருவதும் ஏமாற்றின் பகுதிதான். மூன்று வாரம் இரண்டு மாதமாயிற்று. மச்சான் போன் செய்யும்போதெல்லாம், “தம்பி, ஆளு ரெடியாயிருச்சு, இமிகிரேசன்லதான் கொஞ்சம் லேட்டு” என்ற பதில். நடுவர் மன்றத்துக்குப் போவேன் என்று மச்சான் சொன்ன மறுநாளே ஒரு பெண் வந்து இறங்கினார். சமையல் வேலை, வயதான இரண்டு பேர், நடமாடுகிறவர்கள் என்று சொல்லித்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள். மூக்குக் குழாயைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்கியது. அத்தையைப் புரட்டத் தெரியவில்லை, தூக்கவும் பலமில்லை. மூன்றாம் நாள் காலையில் தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. பொய் சொல்லி ஒரு நோயாளியின் படுக்கைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர் அவர். அந்த வீட்டில் அத்தை எவ்வளவு ஏமாந்தாரோ அவ்வளவு ஏமாந்தவர் அந்தப் பெண்ணும். ஓடிப்போவது அவளுடைய குணம் என்று கட்டுரையாளர் எழுதிய வரிக்கு அவர் வெட்கப்பட வேண்டும்.

அப்போதுதான் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தோம். அதில் மூன்று வரிகள்தான் முக்கியம். பதிவுக் கட்டணம் திரும்பாது என்பது ஒன்று. ஆள் வீட்டுக்குள் வந்ததும் ஏஜென்சியின் சேவை முடிந்தது என்பது இன்னொன்று. மூன்று மாதத்துக்குள் ஆளை மாற்றித் தருவோம் என்ற வரியைப் பார்த்து ஆறுதலடைந்தோம், அடுத்த வரியைப் படிக்கும் வரை. அந்த மூன்று மாதம் எண்ணப்படுவது ஆள் வந்த நாளிலிருந்து அல்ல, பதிவு செய்த நாளிலிருந்து. இரண்டு மாதம் இழுத்தடித்ததில் அத்தைக்கு மிச்சம் இருந்தது ஏறக்குறைய ஒரு மாதம். அடுத்த ஆள் வரவே இன்னொரு மாதம் ஆகும் என்றார்கள்.

அந்தப் பெண்ணை அவர்கள் ஏன் அனுப்பினார்கள் என்பது இப்போது விளங்கும். ஒரு நாள் யாராவது ஒருவர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் போதும், ஆள் அனுப்பவில்லை என்ற புகார் செத்துவிடுகிறது. அவருக்கு வேலை தெரியுமா என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. அவர் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். சோதிக்காத ஆளை அனுப்புவதைக் கட்டுரையாளர் எப்போதாவது நடக்கும் தவறாகக் காட்டுகிறார். நான் பார்த்த ஒப்பந்தத்தில் அதுதான் பணத்தைத் திருப்பித் தராமல் இருப்பதற்கான கருவி. இப்படிப்பட்ட ஒருதலையான வரிகளைக் கேள்வி கேட்கவும் அதே பயனீட்டாளர் சட்டத்தில் இடமிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுவதில்லை. சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்பதும் அந்தச் சட்டம் தரும் உறுதிதான்.

மருத்துவப் பரிசோதனை முடிந்த ஆள் என்ற வாதமும் இதே இடத்தில் உடைகிறது. ஃபொமேமா பரிசோதனை எதற்கு? காசநோய், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி போன்ற நோய்கள் உள்ளே வராமல் பார்க்க, கர்ப்பமா என்று பார்க்க. மூக்குக் குழாயில் பால் ஊற்றத் தெரியுமா என்று அது பார்ப்பதில்லை. முன்பு வேலை செய்த வீட்டில் என்ன நடந்தது என்றும் பார்ப்பதில்லை. உள்ளூர்ப் பெண் ஒருவரைப் பகல் வேலைக்கு அனுப்பினால் அந்தப் பரிசோதனையும் கிடையாது. குடிநுழைவு இலாகாவும் பரிசோதனை நிலையமும் செய்யும் வேலையைத் தம் சோதனையாகக் காட்டுவது அடுத்தவர் உழைப்புக்கு விலை போடுவதாகும். ஏஜென்சி செய்ய வேண்டிய சோதனை வேறு. முகத்தையும் அடையாள அட்டையையும் சேர்த்துப் பார்ப்பது, முந்திய இரண்டு வீட்டாரோடு நேரில் பேசி ஏன் நின்றார் என்று கேட்பது, ஒரு ஆளைப் படுக்கையில் புரட்டிக் காட்டச் சொல்வது, நாற்காலிக்கு மாற்றிக் காட்டச் சொல்வது, என்ன வேலை என்பதை அந்தப் பெண்ணுக்கே அவர் மொழியில் சொல்லி அவர் வாயால் சம்மதம் கேட்பது. அரை நாள் வேலை இது. 800 வெள்ளிக்கு அரை நாள் உழைக்க முடியாதவர் கூலியைப் பற்றிப் பேசக் கூடாது.

இனி அவர் பெருமையோடு சொன்ன மௌனத்துக்கு வருகிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்க மச்சான் அந்த அலுவலகத்துக்குப் போனார். கடைவீட்டின் மாடி, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஏஜெண்டு குரலை உயர்த்தவே இல்லை. “தம்பி, அந்தப் பொண்ணு சோசியல் பாஸ்லதான் வந்துச்சு. ஒங்க வீட்லதான் தங்கி வேலை பாத்துச்சு. நீங்க புகார் குடுத்தா இமிகிரேசன் மொதல்ல ஒங்களத்தான் கேப்பான். அம்மாவ யோசிச்சுக்குங்க” என்றார். மச்சான் எழுந்து வந்துவிட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இந்தத் தொழிலின் மறுபக்கம் முழுதும் இருக்கிறது. குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவு, முறையான அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தவருக்கு ஒரு ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. சுற்றுலாவாகவோ உறவினரைப் பார்க்கவோ வந்தவர் வீட்டு வேலை செய்யக் கூடாது. பர்மிட் பின்னால் வரும், இப்போதைக்கு வேலை செய்யட்டும் என்று ஏஜெண்டு சொன்னதை நம்பித்தான் குடும்பம் கதவைத் திறக்கிறது. திறந்த நாளிலிருந்து குற்றம் அந்தக் குடும்பத்தின் மேலும் விழுகிறது. அனுப்பியவர் அதை அறிந்தேதான் அனுப்புகிறார். சோதிக்காத ஆள் என்பவர் ஏமாற்றுக்காரருக்கு இரண்டு விதத்தில் உதவுகிறார்: ஆள் அனுப்பியதாகக் காட்ட, பிறகு வாயடைக்க. சிங்கப்பூருக்குப் போய் வரும் ஒருவர் தன் பெயரில் குடிநுழைவு வழக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருப்பாரா? 4,000 வெள்ளியை விட்டுத் தொலைக்கிறார். ஏஜென்சிக்காரர் அதைத் திருப்தியடைந்த வாடிக்கையாளர் கணக்கில் எழுதிக்கொள்கிறார். புகார் இல்லாததைச் சாட்சியாக வைத்தாரே, அந்தச் சாட்சி எப்படி உண்டாக்கப்பட்டது என்று இப்போது வாசகர்களுக்குத் தெரியும்.

இந்தப் பயத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பயம் பொய்யானது அல்ல, ஆகவே ஏஜெண்டோடு தனியாகப் பேரம் பேசப் போகாமல், முதலில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ அரசின் சட்ட உதவி இலாகாவிலோ நடந்ததை நடந்தபடி சொல்லி ஆலோசனை கேளுங்கள். ஆளை அனுப்பியவர், ஆள் எப்படி வந்தார், எதை நம்பி வைத்துக்கொண்டீர்கள் என்பதைக் காட்டும் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். உங்களை மிரட்ட அவர் சொன்ன வார்த்தையே அவருக்குத் தெரிந்துதான் நடந்தது என்பதற்கான சான்று. ஆள் இன்னும் வரவில்லை, பணம் மட்டும் போயிருக்கிறது என்றால் இந்தப் பயத்துக்கு இடமே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டுரையாளர் இன்னொன்றையும் எழுதியிருந்தார்: மலிவாகக் கேட்கும் குடும்பங்கள்தான் மோசமான ஏஜெண்டுகளிடம் போய் விழுகின்றன, விசாரித்துவிட்டுப் பணம் கொடுத்தால் ஏமாற மாட்டார்களாம். விசாரிக்கும் பொறுப்பு வாங்குபவருக்கும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதை விசாரிக்க வேண்டும் என்று அவர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. தொழிலின் உள்ளே இருப்பவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்.

அத்தை வீட்டுக்கு ஆள் அனுப்பிய ஏஜெண்டு தம் அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த எஸ்.எஸ்.எம். சான்றிதழைக் காட்டினார். அது வணிகப் பெயரைப் பதிவு செய்த தாள். ‘எண்டர்பிரைஸ்’ என்று முடியும் பெயரில் யார் வேண்டுமானாலும் ஆண்டுக்கு 60 வெள்ளி கட்டி அதை எடுக்கலாம். கோழிக்கறிக் கடைக்கும் அதே தாள்தான். ஆள் எடுத்து அனுப்புவதற்குத் தேவை 1981-ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் சட்டத்தின் கீழ், அதாவது 246-ஆம் சட்டத்தின் கீழ், தொழிலாளர் இலாகா கொடுக்கும் உரிமம். 2018 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமம் ஏ, பி, சி என்று மூன்று வகை. வெளிநாட்டுப் பணிப்பெண்ணைக் கொண்டுவர சி உரிமம் வேண்டும். அதற்கு 250,000 வெள்ளி உத்தரவாதத் தொகை கட்டியாக வேண்டும். நிறுவனம் செண்டிரியான் பெர்ஹாட்டாக இருக்க வேண்டும், பெயரிலேயே ‘அஜென்சி பெக்கெர்ஜாஆன்’ என்ற சொற்கள் இருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் இந்தத் தொழில் செய்தால் 200,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை.

60 வெள்ளிக்கும் 250,000 வெள்ளிக்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பாருங்கள். ஏஜெண்டு ஓடிப்போனால் பிடித்து நிறுத்த அரசின் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த உத்தரவாதம். எண்டர்பிரைஸ் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஓடிப்போனால் மாடியில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும்தான் மிஞ்சும். விசாரிக்க வேண்டியது இதைத்தான்: உரிமம் எங்கே, எந்த வகை, அதில் உள்ள பெயரும் ரசீதில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றுதானா. அத்தை வீட்டுப் பணம் போனது ஒரு தனி ஆளின் சொந்தக் கணக்குக்கு. அந்த ஒன்றே நின்று யோசிக்கப் போதுமானது. போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தால், அதன்மேல் ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டிவிடும். ஆள் வந்தால் வேலை அனுமதியைப் பாருங்கள். அது வீட்டுப் பணிப்பெண்ணுக்கான அனுமதியாக இருக்க வேண்டும், முதலாளி என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். வேறொருவர் பெயர் இருந்தாலும், வெறும் வருகை அனுமதி இருந்தாலும், வாசலிலேயே நிறுத்துங்கள்.

இந்த விசாரணை எல்லாம் செய்திருக்கலாம்தான். ஆனால் பக்கவாதத்தில் விழுந்த தாயை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், நாளை ஷிஃப்டுக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும் என்ற நிலையில், ஒரு பெண் வங்கிக் கணக்கின் பெயரை ஆராய்வாளா? இந்தத் தொழில் அவசரத்தில் இருப்பவர்களிடம் நடக்கும் தொழில். அவர்கள் யோசிக்க நேரமில்லாதவர்கள் என்பதைத் தெரிந்துகொண்டுதான் மூன்று வாரத்தில் ஆள் என்று விளம்பரம் வருகிறது. அப்படிப்பட்டவர்களிடம் பணம் வாங்கிவிட்டு, நீங்கள் விசாரித்திருக்க வேண்டும் என்று சொல்வது கொடுமை. மலிவு ஆசையும் இல்லை இங்கே. 4,000 வெள்ளி அந்த மருமகளின் இரண்டு மாதச் சம்பளம்.

பிரச்சினை வந்தால் முதலில் ஏஜென்சியோடு பேசிச் சமரசமாகப் போங்கள், நடுவர் மன்றம் கடைசி வழியாக இருக்கட்டும் என்ற அவருடைய அறிவுரையை நான் முற்றாக நிராகரிக்கிறேன். பேசிப் பேசித்தான் அத்தை வீட்டில் மூன்று மாதம் கரைந்தது. பணம் போன அன்றே, அல்லது மறுநாளே, விளம்பரம் காணாமல் போனால், போன் எடுக்காமல் போனால், 997-க்குக் கூப்பிடுங்கள். மோசடித் தடுப்பு மையம் வங்கியோடு பேசிப் பணத்தை நிறுத்தப் பார்க்கும். நாள் கடந்தால் பணம் கணக்கு கணக்காக மாறிப் போய்விடும், அப்புறம் நிறுத்த ஒன்றுமிருக்காது. ஆள் அனுப்பாமல் இழுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு முதல் பாரத்தை நிரப்புங்கள். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ரசீது, ஒப்பந்தம், வங்கிச் சீட்டு, மூன்று வாரம் என்று சொன்ன செய்தி, இவை போதும். உரிமை கோர மூன்றாண்டு கெடு இருக்கிறது. இழுத்தடிக்கும் ஏஜெண்டுகளுக்கும் அந்தக் கெடு தெரியும். உரிமம் இல்லாத ஆள் என்றால் தொழிலாளர் இலாகாவுக்கும் புகார் போக வேண்டும், அது உங்கள் பணத்துக்காக இல்லாவிட்டாலும் அடுத்த வீட்டுக்காக.

ஒரு ஆள் நிலைப்பாரா ஓடுவாரா என்று யாராலும் கணிக்க முடியாது, ஆகவே ஏஜென்சியை அளப்பது நியாயமில்லை என்றும் அவர் முடித்திருந்தார். கடலைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே மனிதவள அமைச்சு ஒவ்வொரு ஏஜென்சியின் உரிம எண்ணையும், எத்தனை ஆட்களை அனுப்பியது, அவர்களில் எத்தனை விழுக்காட்டினர் அதே வீட்டில் நிலைத்தார்கள் என்பதையும் பெயரோடு தன் தளத்தில் போட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பணம் கட்டும்முன் பார்க்கலாம். அங்கே அளக்க முடிகிறது, அளந்த பிறகும் ஏஜென்சிகள் தொழில் செய்கின்றன. இங்கே அரசு அதைக் கேட்காவிட்டாலும் அவரே செய்யலாம், யாரும் தடுக்கவில்லை. தம் உரிமம் ஏ-யா, பி-யா, சி-யா, எண் என்ன, சென்ற ஆண்டு எத்தனை குடும்பங்களிடம் பதிவுக் கட்டணம் வாங்கினார், எத்தனை வீட்டுக்கு ஆள் போனது, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அதே வீட்டில் இருந்தார்கள், ஆள் போகாத வீட்டுக்கு எவ்வளவு பணம் திரும்பியது என்று ஐந்து வரி எழுதி அடுத்த இதழுக்கு அனுப்பட்டும்.